சந்தா முடியப்போகிறது என்று எப்படிச் சொல்வது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

அண்மையில் மூன்று பேர் ஒரே கேள்வியுடன் வந்தார்கள். ஒருவர் திருநெல்வேலியில் இருந்து மாதக் கட்டணத்துக்கு இணையவழி வகுப்பு நடத்துகிறார். ஒருவர் வாரந்தோறும் வீடுகளுக்கு மரக்கறிப் பெட்டி கொண்டுபோய்க் கொடுக்கிறார். மற்றவர் எங்களைப் போலவே சிறு சஞ்சிகை நடத்துபவர். "சந்தா முடியுது எண்டு சொன்னால் காசு கேக்கிற மாதிரி இருக்கு, சொல்லாட்டி ஆக்கள் விட்டுப்போயினம். விலைக்கழிவு போட்டு அனுப்புறதோ, சும்மா திகதியை மட்டும் அனுப்புறதோ?" என்பதுதான் மூவரின் கேள்வியும்.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிவரும் ஒரு சிறுவர் மாத இதழின் சந்தாப் பதிவேட்டை எட்டு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். இந்த நான்கு வழிகளையும் எங்கள் வாசகர்களிடமே செய்து பார்த்திருக்கிறோம். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, செய்தியில் இருந்து நாங்கள் காசு கேட்கும் வரியை எடுத்துவிட்டால் வாடிக்கையாளருக்குப் பயன்படும் ஏதாவது மிஞ்சுகிறதா? எத்தனை இதழ் வந்தது, எது வரவில்லை, எந்த மாதத்துடன் முடிகிறது, விலை மாறியிருக்கிறதா என்பவை அவருடைய கணக்கு. அவை மிஞ்சினால் அது உதவி. ஒன்றும் மிஞ்சாவிட்டால் எவ்வளவு பணிவாக எழுதினாலும் அது விற்பனைதான்.

இரண்டாவது, தொடர்வது எவ்வளவு சுலபமோ நிறுத்துவதும் அவ்வளவு சுலபமா?

மூன்றாவது, முடிவெடுக்கும் ஆளிடம் செய்தி போய்ச் சேருகிறதா? எங்கள் ஊரில் இது பெரிய கேள்வி. இதழைப் படிப்பது கோப்பாயில் இருக்கும் பேரப்பிள்ளையும் தாத்தாவும். காசு கட்டுவது கனடாவில் இருக்கும் மகள்.

நான்காவது, அனுப்பிய பிறகு எங்களுக்கு எவ்வளவு வேலையும் செலவும் வருகிறது என்பது. அனுப்பும் கட்டணத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். அதன் பின்னால் வரும் தொலைபேசி அழைப்புகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நான்கு வழிகளையும் ஒரே வாசகரை வைத்துப் பார்ப்போம். எண்களை எடுத்துக்காட்டுக்காக மாற்றியிருக்கிறேன். சந்தா எண் 412, கோப்பாய் முகவரி. ஏப்ரலில் தொடங்கிய 12 இதழ்ச் சந்தா. இப்போது ஜனவரி முடிகிறது, 10 இதழ்கள் அனுப்பியாயிற்று. ஆனால் ஒக்டோபர் இதழ் முகவரிச் சிக்கலால் தபாலில் திரும்பி வந்துவிட்டது. சந்தா சென்ற ஆண்டு 3,000 ரூபா, இந்த ஆண்டு 3,600 ரூபா.

## வழி 1: விலைக்கழிவுடன் நினைவூட்டல்

"உங்கள் சந்தா முடியப்போகிறது! இந்த வாரத்துக்குள் புதுப்பித்தால் 15 வீதக் கழிவு. தவறவிடாதீர்கள்!" எல்லோரும் முதலில் எழுதுவது இதைத்தான், நாங்களும் எழுதினோம். உடனே சிலர் கட்டினார்கள் என்பது உண்மை.

412 இன் வீட்டில் இது எப்படிப் படிக்கப்படும் என்று பாருங்கள். ஒக்டோபர் இதழ் வரவில்லை என்று அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறார்கள். அதற்கு ஒரு சொல்லும் இல்லை, தவறவிடாதீர்கள் என்று மட்டும் வருகிறது. இதழைத் தவறவிட்டது நாங்கள். அந்த நேரத்தில் 15 வீதம் தருவதாகச் சொன்னாலும் கோபம்தான் வரும்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. முதலாவது பழக்கம். இந்த ஆண்டு கடைசி வாரத்தில் கழிவு கொடுத்தால், அடுத்த ஆண்டும் அந்தக் கழிவு வரும்வரை மக்கள் காத்திருப்பார்கள். நேரத்துக்கு முழுவிலை கட்டியவர்தான் ஏமாந்தவர் ஆகிறார். கோவில் வீதியில் இரண்டு வாசகர்கள் சந்தித்துப் பேசினால் போதும், அடுத்த நாள் "எங்களுக்கு ஏன் தரேல்லை?" என்று அழைப்பு வரும்.

இரண்டாவது செலவு வட்ஸ்அப்பை நிறுவனக் கணக்கு வழியாக, மென்பொருளில் இருந்து அனுப்புபவர்களுக்கு. அங்கே நீங்கள் முன்கூட்டியே ஒப்புதல் பெறும் செய்தி வார்ப்புகளை மெட்டா நிறுவனம் வகைபிரிக்கிறது. ஏற்கெனவே உள்ள சந்தா, கட்டணம், விநியோகம் பற்றிய தகவல் ஒரு வகை. விளம்பரம் இன்னொரு வகை, அதற்குக் கட்டணம் கூட. சந்தா முடியும் திகதியைச் சொல்லும் செய்தியில் ஒரு கழிவு வரியைச் சேர்த்தால் முழுச் செய்தியும் விளம்பர வகைக்குப் போய்விடும். எது உதவி, எது விற்பனை என்ற கோட்டை அந்த நிறுவனமும் கிட்டத்தட்ட நாங்கள் போடும் இடத்திலேயே போட்டிருக்கிறது.

அப்படியென்றால் கழிவே கூடாதா? சந்தா முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகி, இடையில் தொடர்பே இல்லாத ஒருவரைத் திரும்ப அழைக்கும்போது அது பொருந்தும். அவர் இப்போது புதிய வாடிக்கையாளர் மாதிரித்தான். ஆனால் அதை அழைப்பு என்றே எழுதுங்கள், நினைவூட்டல் என்று எழுத வேண்டாம். விலை உண்மையிலேயே ஏறப்போகிறது என்றால், "ஏப்ரலில் இருந்து 3,600 ரூபா, மார்ச் 31 வரை கட்டுபவர்களுக்குப் பழைய 3,000 ரூபா" என்று சொல்வதும் நியாயமான தகவல்தான். அப்படிச் சொன்னால் ஏப்ரல் 1 இல் விலை ஏறியே ஆகவேண்டும். தெரிந்தவர் கேட்டார் என்று ஏப்ரல் 10 இல் பழைய விலைக்குக் கொடுத்தால், அடுத்த முறை நீங்கள் சொல்லும் திகதியை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

## வழி 2: வெறும் அறிவித்தல்

"சந்தா எண் 412: மார்ச் இதழுடன் முடிகிறது. ஆண்டுக்கு ரூ.3600." இதில் வற்புறுத்தல் இல்லை, அழகுச் சொல்லும் இல்லை. குறுஞ்செய்தியாக அனுப்புவதற்கு இந்த வடிவம் நல்லது, அதற்கு ஒரு கணக்குக் காரணமும் உண்டு.

ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள் இடம் உண்டு. தமிழில் எழுதினால் 70 தான். அதிலும் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ணக்கூடாது. "முடிகிறது" என்பது நமக்கு ஐந்து எழுத்து. தொலைபேசிக்கு மு இரண்டு, டி இரண்டு, கி இரண்டு, ற ஒன்று, து இரண்டு என்று ஒன்பது. மேலே உள்ள செய்தி 59 இடங்களைப் பிடிக்கிறது. "நிறுத்த" என்று இன்னொரு சொல்லைத் தொடங்கினாலே 70 க்குக் கிட்ட வந்துவிடும், வசனத்தை முடிக்கும்போது இரண்டு செய்திகளின் கட்டணம் ஆகிவிடும். இதற்காகச் சிலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புகிறார்கள். இளம் ஆட்களுக்குப் பரவாயில்லை. எங்கள் வாசகர்களில் பாதிப்பேர் தாத்தா பாட்டிமார், அவர்கள் அதை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு செய்திக் காசு கொடுத்தாவது தமிழில் அனுப்பலாம் என்பது என் முடிவு.

ஆனால் வெறும் அறிவித்தலில் ஒரு குறை இருக்கிறது. திரும்ப அந்தச் செய்தியைப் பாருங்கள், மார்ச் இதழுடன் முடிகிறது என்கிறது. ஏப்ரலில் தொடங்கி 12 மாதம் எண்ணினால் மார்ச்தான். ஒக்டோபர் இதழ் அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை என்பது அந்த எண்ணிக்கைக்குத் தெரியாது. சரியான முடிவு ஏப்ரல். மூன்று சொல்லில் சொன்னாலும் பிழையான திகதி பிழைதான். வாடிக்கையாளர் அதைக் கண்டுபிடித்தால், ஒரு இதழை அமுக்கப் பார்த்தோம் என்றுதான் நினைப்பார்.

இந்த வழி பொருந்துவது எங்கே? கணக்கில் சிக்கல் வர வாய்ப்பில்லாத மாதக் கட்டணங்களில். இணையவழி வகுப்பு நடத்துபவருக்கு நான் இதைத்தான் சொன்னேன். மாதம் முடிய மூன்று நாள் இருக்க, எந்தப் பாடம், எந்த மாதம், எவ்வளவு என்று ஒரு வரி போதும். மாதாமாதம் நீளக் கடிதம் எழுதினால் அதுவே தொல்லை.

## வழி 3: கணக்குச் சொல்லும் நினைவூட்டல்

ஆண்டுச் சந்தாவுக்கு எங்களிடம் நிலைத்தது இது. 412 க்குப் போன செய்தி இப்படி இருந்தது:

> வணக்கம். சந்தா எண் 412, கோப்பாய் முகவரிக்குப் போகும் இதழ் பற்றியது.
>
> 12 இதழ்ச் சந்தாவில் ஜனவரி வரை 10 இதழ்கள் அனுப்பினோம். ஒக்டோபர் இதழ் எங்களுக்கே திரும்பி வந்துவிட்டது, மன்னிக்கவும். அதற்கு ஈடாக ஒரு இதழ் கூட்டியிருக்கிறோம். எனவே உங்கள் சந்தா ஏப்ரல் இதழுடன் முடிகிறது.
>
> அதற்குப் பிறகு 12 இதழ்களுக்கு 3,600 ரூபா. சென்ற ஆண்டு 3,000 ஆக இருந்தது.
>
> தொடர விரும்பினால் "தொடர்க" என்று பதில் போடுங்கள், வங்கி விபரம் அனுப்புகிறோம். வேண்டாம் என்றால் "போதும்" என்று போடுங்கள். ஏப்ரல் இதழ் வரை வழமைபோல வரும்.

முதல் வரியில் யார், எது என்பது தெரிகிறது. எங்கள் பிழை அவர் கேட்காமலே வருகிறது. விலை ஏறியதை மறைக்கவில்லை. பழைய விலையைப் பக்கத்திலேயே போட்டிருக்கிறோம், அவர் எப்படியும் பழைய சிலிப்பை எடுத்துப் பார்க்கத்தான் போகிறார். நிறுத்துவதற்கும் தொடர்வதற்கும் ஒரே ஒரு சொல்தான் தேவை.

வங்கிக் கணக்கு எண்ணை முதல் செய்தியிலேயே போடாததற்கும், இணைப்பு எதுவும் வைக்காததற்கும் காரணம் இருக்கிறது. பரிசு விழுந்திருக்கிறது, பொதி வந்திருக்கிறது என்று மோசடிச் செய்திகள் எல்லோருக்கும் வந்துகொண்டிருக்கின்றன. காசும் இணைப்பும் ஒரே செய்தியில் வந்தால் கவனமான ஆள் அதை அழித்துவிடுவார், அது சரியான பழக்கமும்கூட. அவர் பதில் போட்ட பிறகு வரும் கணக்கு எண், அவர் கேட்டு வாங்கியது. அதே எண் இதழின் பின்னட்டையிலும் அச்சாகியிருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதன் மறைந்த செலவு பதிவேட்டு வேலை. 12 மாதத்தைக் கூட்டும் நிரல் மட்டும் இருந்தால் இந்தச் செய்தியை எழுத முடியாது. திரும்பி வந்த இதழ், முகவரி மாற்றம், இடையில் வந்த முறைப்பாடு எல்லாம் அந்த எண்ணுக்கு எதிரே பதிந்திருக்க வேண்டும். நாங்கள் முடிவு மாதத்தை மட்டும் வைத்திருந்ததை விட்டு, "மீதி இதழ்கள்" என்று ஒரு நிரலை வைத்தோம். ஒரு இதழ் போனால் ஒன்று குறையும், திரும்பி வந்தால் ஒன்று கூடும். 412 க்கு ஜனவரி முடிவில் அது 3 என்று காட்டியது: பெப்ரவரி, மார்ச், ஏப்ரல். நினைவூட்டல் எப்போது போகவேண்டும் என்பதையும் அந்த நிரலே சொல்லும். 3 ஆகும்போது முதல் செய்தி, 1 ஆகும்போது இன்னொன்று, அதுவும் முதலாவதற்குப் பதில் வராவிட்டால் மட்டும்.

சிறிய இடம் என்றால் இதற்கு மாதத்தில் ஒரு பின்னேரம் தேவைப்படும். அந்தப் பின்னேரம் இல்லாதவர்கள் வழி 2 உடன் நிற்பது நல்லது. பிழையான கணக்கை விரிவாகச் சொல்வதை விடச் சரியான திகதியைச் சுருக்கமாகச் சொல்வது மேல்.

## வழி 4: தானாகப் புதுப்பித்துவிடுவது

வெளிநாட்டில் இருந்து அட்டையில் கட்டுபவர்களுக்கு இது வசதி. அவர்களே கேட்பதும் உண்டு. இங்கே தவறு நடப்பது, காசை எடுத்துவிட்டுப் பிறகு நன்றி சொல்லும்போது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2021 ஒக்டோபரில் நடைமுறைப்படுத்திய விதியில், அட்டையில் இருந்து தொடர்ச்சியாகக் காசு எடுக்கும்போது குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிக்க வேண்டும். யார் எடுக்கிறார், எவ்வளவு, எப்போது, எதற்காக என்பது அதில் இருக்க வேண்டும், விலகும் வழியும் இருக்க வேண்டும். அந்த விதி எங்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் செய்தியில் என்ன இருக்கவேண்டும் என்பதற்கு அது நல்ல பட்டியல். நேரத்தை மட்டும் நான் கூட்டுவேன். ஆண்டுச் சந்தாவுக்கு 24 மணி நேரம் போதாது, இரண்டு வாரமாவது கொடுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | காசு வரியை எடுத்தால் மிஞ்சுவது | நிறுத்துவது சுலபமா | பின்னால் வரும் வேலை | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| விலைக்கழிவு | ஒன்றுமில்லை | பெரும்பாலும் சொல்வதே இல்லை | அடுத்த ஆண்டும் கழிவு கேட்பார்கள் | நீண்ட காலம் முன் விட்டவர்கள் |
| வெறும் அறிவித்தல் | முடியும் திகதி | இடம் போதாது | திகதி பிழைத்தால் முறைப்பாடு | மாதக் கட்டணம் |
| கணக்குச் சொல்வது | முழுக் கணக்கு | ஒரு சொல் | பதிவேட்டை ஒழுங்காக வைத்தல் | ஆண்டுச் சந்தா |
| தானாகப் புதுப்பித்தல் | முன்கூட்டிச் சொன்னால் உண்டு | நீங்கள் வழி வைத்தால்தான் | காசைத் திருப்பிக் கேட்பவர்கள் | அட்டையில் கட்டுபவர்கள் |

## யாருக்கு அனுப்புவது

மூன்றாவது அளவுகோல் இந்த அட்டவணையில் இல்லை. எந்த வழியை எடுத்தாலும் அது தனியாகத் தீர்க்கவேண்டிய விடயம்.

நாங்கள் ஒருமுறை நினைவூட்டலைக் கோப்பாய் எண்ணுக்கே அனுப்பினோம். தாத்தா அதைப் பார்த்துவிட்டு அடுத்த நாளே சைக்கிளில் வங்கிக்குப் போய்க் கட்டிவிட்டார். மகளுக்குச் சொல்லவில்லை. மகளும் வழக்கம்போல ஏப்ரலில் கட்டினார். "தம்பி, நான் கட்டிப்போட்டன் எல்லோ, பிறகேன் பிள்ளையிட்டையும் வாங்கினீங்கள்?" என்று அவர் கேட்டபோது எங்களிடம் நல்ல பதில் இல்லை. ஒரு ஆண்டுக் காசைத் திருப்பிக் கொடுத்தோம். அதைவிட, மகள் அன்பளிப்பாகக் கொடுப்பதன் விலையைத் தகப்பனுக்கு நாங்கள் காட்டிவிட்டோம் என்பதுதான் எனக்கு உறுத்தியது.

இப்போது பதிவேட்டில் "படிப்பவர்", "கட்டுபவர்" என்று இரண்டு தொலைபேசி எண்கள் இருக்கின்றன. காசு பற்றிய செய்தி கட்டுபவருக்கு மட்டும் போகிறது. படிப்பவருக்கு இதழின் மேலுறையில், முகவரிக்குக் கீழே "மீதி இதழ்கள்: 3" என்று ஒரு சிறு வரி. அதற்குத் தனிச் செலவு இல்லை, தொந்தரவும் இல்லை. பார்க்க விரும்பியவர் பார்ப்பார்.

கட்டுபவர் வெளிநாட்டில் இருந்தால் மணியைப் பாருங்கள். நாங்கள் அலுவலகம் திறந்து காலை 9 மணிக்கு அனுப்பினால், கோடைகாலத்தில் ரொறன்ரோவில் முந்திய இரவு 11.30. மாலை 6 மணிக்கு அனுப்பினால் அங்கே காலை 8.30. ஆண்டில் ஒரு நல்ல பருவமும் உண்டு. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் வெளிநாட்டுப் பிள்ளைகள் பலர் ஊரில் நிற்பார்கள். முடிவு மாதம் அதற்குக் கிட்ட இருந்தால் நேரிலேயே பேசி முடித்துக்கொள்ளலாம்.

வட்ஸ்அப்பின் இலவச வணிகச் செயலியில் ஒலிபரப்புப் பட்டியல் போட்டு அனுப்புபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு பட்டியலில் 256 பேர்தான் சேர்க்கலாம். அதோடு, உங்கள் எண்ணைத் தங்கள் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். மற்றவர்களுக்குப் போகாததை நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள், அவர் விருப்பமில்லாமல் விலகிவிட்டார் என்று நினைப்பீர்கள். அனுப்பி ஒருநாள் கழித்து அந்தச் செய்தியின் விபரத்தைத் திறந்து யார் யாருக்குச் சேர்ந்தது என்று பாருங்கள். பெயர் இல்லாதவர்களுக்குத் தனியாக அனுப்புங்கள், இல்லையென்றால் ஒரு அழைப்பு எடுங்கள்.

## சரியாகப் போகிறதா என்று பதில்களே சொல்லும்

வந்த பதில்களை ஒரு கொப்பியில் மூன்று வகையாகக் குறியுங்கள். "எவ்வளவு? எந்தச் சந்தா?" என்ற கேள்விகள் கூடினால் செய்தியில் தகவல் குறைவு. "நான் கட்டிட்டன்" என்பவை கூடினால் சொற்களில் பிழையில்லை, வங்கிப் பதிவும் உங்கள் பதிவேடும் ஒன்றையொன்று எட்டவில்லை. சந்தா எண்ணைச் சிலிப்பில் எழுதச் சொல்லுங்கள், நினைவூட்டல் அனுப்பும் நாள் காலையில் வங்கிப் பதிவை ஒருமுறை ஒத்துப் பாருங்கள். பதிலே இல்லாமல் எண்ணைத் தடுத்துவிடுகிறார்கள் என்றால் அளவுக்கு மீறி அனுப்புகிறீர்கள். சந்தா முடிந்த பிறகு ஒரே ஒரு செய்தி, அதோடு நாங்கள் நிறுத்திவிடுகிறோம்.

"போதும்" என்று வருபவர்களிடம் காரணம் கேட்பதில்லை. பிள்ளை வளர்ந்திருப்பான், காசு முடையாக இருக்கும், வீடு மாறியிருப்பார்கள். அவர்களுக்குப் போகும் பதில் இவ்வளவுதான்: "சரி அம்மா, பதிந்துவிட்டோம். ஏப்ரல் இதழ் கடைசி. அது கிடைக்காவிட்டால் இந்த எண்ணுக்கே சொல்லுங்கள், திரும்ப அனுப்புகிறோம்."